அரைப்பக்கத்தில் ஆறு பேர்

முதல் பரிசு எங்கள் குழுவுக்கு என்று அறிவித்த மறுநாள் காலை, துறைத் தலைவர் மேடம் அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னார். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், ஆண்டு மலருக்கும் ஆகும் என்றார். "என்ன செஞ்சீங்க, யார் யார் செஞ்சீங்க, அவ்வளவுதான். உங்க வீட்டுல படிச்சாலும் புரியணும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். பரிசு வாங்கிய பெட்டியைச் செய்ததைவிட அந்த அரைப்பக்கம்தான் எங்களை அதிகம் படுத்தியது.

நாங்கள் வென்றது பெரிய மேடை இல்லை. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானை 2017 முதல் மத்திய அரசு நடத்தி வருகிறது. அதில் கலந்துகொள்ள வேண்டுமானால் முதலில் கல்லூரிக்குள்ளேயே ஒரு சுற்று நடத்தித் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். குழுவுக்கு ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. 2025 மழைக்காலத்துக்கு முன்பு சிதம்பரம் பக்கம் எங்கள் கல்லூரியில் நடந்த அந்த உள்சுற்றில்தான் முதலிடம் வந்தோம்.

விடுதியில் எங்களுக்கு ஊர்ப்பெயர்தான் கூப்பிடு பெயர். நெய்வேலி, புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம். நான் கடலூர். பரங்கிப்பேட்டைதான் குழுவில் இருந்த பெண். அவள் விடுதியில் இல்லை, தினமும் பஸ்ஸில் வருவாள். ஆனாலும் அந்தப் பெயர் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

புவனகிரி எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "நிகழ்நேர ஐஓடி தொழில்நுட்பம் சார்ந்த நுண்ணறிவு வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு." அவன் மேடையில் பேசப் பிறந்தவன், அந்த வாக்கியத்தை வாசிக்கும்போதே கை தானாக உயர்ந்தது. பரங்கிப்பேட்டை கேட்டாள்: "இதுல முன்னெச்சரிக்கை எங்கடா இருக்கு? தண்ணி ஏறின பிறகுதானே நம்ம பெட்டி சொல்லுது?" நுண்ணறிவு எங்கே என்று நெய்வேலி கேட்டான். இரண்டுக்கும் பதில் இல்லை. அந்த வாக்கியத்தில் மிஞ்சியது வெள்ளம் மட்டும்தான்.

வெள்ளத்தைத் தலைப்பாக எடுத்தது என்னால். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலூரில் எல்லோரும் கடலையும் காற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தது மேற்கேயிருந்து. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தென்பெண்ணையில் இறங்கியது. அந்த ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குண்டு உப்பலவாடியில் என் அத்தை வீடு. அணையைத் திறந்த செய்தி டிவியில் ஓடத்தான் செய்தது. ஆனால் லட்சம் கன அடி என்றால் தன் வாசலுக்கு எவ்வளவு என்று அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போனபோது முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

எங்கள் பெட்டி செய்வது ஒரே ஒரு வேலை. பாலத்தின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டால், தனக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். கிணற்றில் கத்திவிட்டு எதிரொலி வரும்வரை எண்ணிப் பார்ப்பது போலத்தான். காதுக்குக் கேட்காத ஓர் ஒலியை உணரி கீழே அனுப்புகிறது, அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எத்தனை மைக்ரோ வினாடி என்று கணக்கெடுக்கிறது. அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, போய் வந்த தூரம் என்பதால் இரண்டால் வகுத்தால் தூரம் கிடைக்கும். தூரம் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது. வேகமாகக் குறைந்தால் உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாகச் சிலருக்கு எஸ்எம்எஸ் போகும்.

இவ்வளவையும் எழுதியபின் "யார் செய்தது" என்ற கேள்வி வந்தது. "குழுவாகச் செய்தோம்" என்று எழுதலாம் என்றான் புவனகிரி. அது பொய்யில்லை. ஆனால் பத்துப் பரிசுக் குறிப்புகளில் ஒன்பது அப்படித்தான் இருக்கும். அதைப் படிப்பவருக்கு, குழுவில் யார் பேசினாரோ அவர்தான் செய்தார் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். எனவே ஒவ்வொரு வேலையையும் எடுத்து, அது இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று பார்த்தோம். அப்படிப் பார்த்தபோது வரிசையே மாறிவிட்டது.

முதலில் வந்தவன் காட்டுமன்னார்கோவில். அவனுக்குப் புரோகிராம் எழுத வராது, சால்டரிங் அயர்னைப் பிடித்தால் கை சுடும். ஆனால் வீராணம் ஏரிக்கரையில் வளர்ந்தவன். ஏரியின் முழு மட்டம் 47.5 அடி, இன்று எத்தனை அடி என்பது அந்த ஊரில் பால்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை பேசும் சங்கதி. நாங்கள் கான்சாகிப் வாய்க்கால் பாலத்தில் சோதனைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவன் வாங்கி வந்த வெள்ளை பெயின்ட்டால் பாலத் தூணில் சென்டிமீட்டர் கோடுகள் போட ஆரம்பித்தான். "மெஷின் சொல்றது சரியான்னு எதை வச்சுப் பார்ப்பீங்க?" என்றான். அதுவரை எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. திரையில் எண் வந்தால் போதும் என்றிருந்தோம்.

அந்தக் கோடுகள்தான் முதல் கோளாறைக் காட்டின. காலையிலிருந்து மதியத்துக்குள் தண்ணீர் 6 சென்டிமீட்டர் ஏறிவிட்டதாகப் பெட்டி சொன்னது. தூணில் தண்ணீர் அதே கோட்டில் நின்றது. உணரி கெட்டுவிட்டது, வேறு வாங்கலாம் என்று நெய்வேலி கிளம்பிவிட்டான். பரங்கிப்பேட்டை அவனை நிறுத்தி, விடியற்காலையிலிருந்து வந்த எண்களை ஒரு தாளில் வரைந்தாள். எண்கள் தாறுமாறாக இல்லை. வெயில் ஏற ஏற, கோடும் ஒழுங்காக ஏறியிருந்தது. கெட்டுப்போன உணரி இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்றாள்.

காரணம் ஒலியின் வேகம். புரோகிராமில் வினாடிக்கு 343 மீட்டர் என்று போட்டிருந்தோம், எல்லா உதாரணங்களிலும் இருக்கும் எண் அது. 20 டிகிரிக்குத்தான் அது சரி. ஒவ்வொரு டிகிரிக்கும் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வேகம் கூடும். விடியற்காலை 24 டிகிரியில் அது சுமார் 346 மீட்டர், மதியம் 36 டிகிரியில் 353. காற்று சூடானதால் ஒலி சீக்கிரம் திரும்பி வந்தது. சீக்கிரம் வந்ததால் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டது என்று பெட்டி நினைத்தது. 3 மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு வேளைக்கும் வித்தியாசம் சரியாக 6 சென்டிமீட்டர் வருகிறது. பெட்டிக்குள் சின்ன வெப்பமானி ஒன்றைச் சேர்த்து, அது சொல்லும் வெப்பத்துக்கு ஏற்ற வேகத்தை எடுத்துக்கொள்ளும்படி அவள் மாற்றி எழுதினாள். மறுநாள் மதியம் பெட்டியும் தூணும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போயின. வெப்பமானி வெயிலில் படாமல் நிழலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் சூட்டைத்தான் அளக்கும். அதற்காக நெய்வேலி ஒரு பிவிசி குழாய்த் துண்டில் ஓட்டை போட்டுக் குல்லா செய்தான்.

குறிப்பில் இதை எழுதும்போது ஒரு சிக்கல். கோளாறைக் கண்டுபிடித்தது யார்? கோடு போட்டவனா, தாளில் வரைந்தவளா? ஒருவரைச் சொன்னால் மற்றவர் விடுபடுகிறார். கடைசியில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதினோம்: "தூணில் அளவுகோல் வரைந்தவர் இவர். அதோடு ஒப்பிட்டு வெப்பத்தால் வரும் பிழையைக் கண்டு திருத்தியவர் இவர்." பட்டம் எதுவும் சேர்க்கவில்லை. "குழுத் தலைவர்", "முதன்மை வடிவமைப்பாளர்" என்ற சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு வினைச்சொற்களை மட்டும் வைத்தபோது, சண்டை பாதி குறைந்தது.

நெய்வேலிக்கு எழுதுவது சுலபம். எஸ்எம்எஸ் அனுப்பும் அந்தச் சின்னப் பலகை சும்மா இருக்கும்போது மிகக் கொஞ்சம் மின்சாரம்தான் எடுக்கும். டவரோடு பேசும் ஒரு கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து மெல்லிய வயரில் கொடுத்தால், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பலகை அணைந்து மறுபடி எழும். வெளியிலிருந்து பார்த்தால் சிக்னல் இல்லாதது போலவே தெரியும். எல்லோரும் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் பலகையின் சிவப்பு விளக்கைப் பார்த்தான். செய்தி போகும் நேரத்தில் மட்டும் அது மங்கியது. வயரைத் தடிமனாக மாற்றி, பலகையின் காலருகே 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தான். அதன்பின் ஒரு செய்திகூட நிற்கவில்லை.

அந்தப் பலகை 2ஜி மட்டுமே அறிந்தது, ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. எங்களில் வேறு சிம் வைத்திருந்தவன் விருத்தாசலம் ஒருவன்தான். போனிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பேச வார்டன் போனை நாடிக்கொண்டிருந்தான். ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு நூறு எஸ்எம்எஸ் என்பதால் அவன் ரீசார்ஜ் கணக்கும் எங்கள் திட்டத்தின் எல்லையாகிவிட்டது. ஊர் முழுக்கச் செய்தி அனுப்ப இந்தப் பெட்டியால் முடியாது, தெருவுக்கு ஒருவருக்கு அனுப்பலாம். இதையும் குறிப்பில் சேர்த்தோம். "அப்போ என் பங்கு ஒரு சிம்மா?" என்று அவன் சிரித்தான். ஒரு சிம் மட்டுமில்லை. பாலத்தின் வெளிப்பக்கம் தொங்கிப் பெட்டியைக் கட்டியதும் அவன்தான், பகல் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன குண்டு வைக்கிறீங்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னதும் அவன்தான். பாலத்தின் தூணுக்குப் பக்கமாகக் கட்டினால் ஒலி விரிந்துபோய்த் தூணில் பட்டுத் திரும்புகிறது என்பதை, கட்டும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டதும் அவனே. கடைசியில் தூணிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, ஒரு இரும்புக் கோணத்தை நீட்டிக் கட்டினான்.

செய்தியை எழுதுவது என் வேலை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70தான். அதிலும் மெய்யெழுத்துப் புள்ளி ஓர் எழுத்து, கொம்பு ஓர் எழுத்து, கால் ஓர் எழுத்து என்று போன் தனித்தனியாக எண்ணும். பெண்ணையாறு என்று அடித்தாலே பத்து போய்விடும். 70ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாக உடையும், சில பழைய போன்களில் பின்பாதி முதலில் வரும். முதலில் இப்படி எழுதினேன்: "பெண்ணையாறு 1 மணியில் 30 செமீ ஏறியது. மாடு வண்டி மேட்டுக்கு ஏற்றவும்." எண்ணிப் பார்த்தால் 68. பெருமையாக அத்தை போனுக்கு அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"ஏத்தவும்னு சொல்ல நீ யாருடா, கலெக்டரா?" என்றார் அத்தை. "சரி ஏத்துறேன். அப்புறம் தண்ணி வரல. நாளைக்கு மறுபடி அனுப்புவ. நான் எழுந்திருப்பேனா?" சற்று நேரம் கழித்து, "முப்பது செமீன்னா எனக்கு என்ன தெரியும்? போன தபா வந்த தண்ணிக்கு இப்போ எவ்வளவு பாக்கி, அதைச் சொல்லு" என்றார்.

போன தபா வந்த தண்ணீரின் கறை எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. பாலத் தூணிலும் இருக்கிறது. அந்தக் கறைக்கும் இப்போதைய மட்டத்துக்கும் இடைவெளியைச் சொல்வது பெட்டிக்குச் சுலபமான கழித்தல் கணக்கு. படிப்பவருக்கோ தன் வீட்டுச் சுவரைப் பார்த்தால் போதும். ஆற்றில் குறையும் அடியும் சுவரில் குறையும் அடியும் ஒன்றாக இருக்காதுதான், ஆனால் லட்சம் கன அடியைவிட அது கிட்டத்தில் இருக்கிறது. செய்தி இப்படி மாறியது: "பெண்ணையாறு 1 மணியில் 1 அடி ஏறியது. 2024 வெள்ளக்கோட்டுக்கு 4 அடி கீழே." 69 எழுத்து. என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையை எடுத்துவிட்டோம். பெட்டி பார்த்ததை மட்டும் சொல்கிறது.

இது நல்லதாகப் போயிற்று. நடுவர்களில் ஒருவர், நீர்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்: "தப்பாச் சொன்னா யார் பொறுப்பு?" புவனகிரி தயங்காமல், "சார், இது வெளியேறச் சொல்லாது. மட்டத்தை மட்டும் சொல்லும். வெளியேறச் சொல்றது நிர்வாகத்தோட வேலை" என்றான். மேடையில் அவன் சொன்ன மிகச் சிறிய பதில் அது. பரிசு அதற்குத்தான் கிடைத்தது என்று நான் இன்னும் நினைக்கிறேன். மற்றக் குழுக்களின் படங்கள் எங்களுடையதைவிட அழகாக இருந்தன.

அதே நடுவர் இன்னொன்றும் கேட்டார். "எதிரொலியே வரலன்னா என்ன காட்டும்?" ஹேக்கத்தான் இரவில் நெய்வேலி அதைப் பிடித்திருந்தான். எதிரொலி வராமல் நேரம் முடிந்தால், நாங்கள் பயன்படுத்திய கட்டளை 0 என்று திருப்பித் தரும். தூரம் பூஜ்யம் என்றால் தண்ணீர் உணரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தமாகிவிடும். கோடையில் ஆறு வறண்டு, தண்ணீர் உணரிக்கு எட்டாத ஆழத்துக்குப் போனால், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் வெள்ளம் என்று செய்தி போயிருக்கும். பூஜ்யம் வந்தால் அதைத் தூரமாக எடுக்காமல் "தெரியவில்லை" என்று குறிக்கும்படி பரங்கிப்பேட்டையும் அவனும் விடியற்காலையில் மாற்றினார்கள். கூடவே ஒரே அளவை நம்பாமல், ஒன்பது முறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுக்கும்படியும் செய்தார்கள். மிதந்து போகும் ஆகாயத்தாமரைக் கொத்தோ, குறுக்கே பறக்கும் கொக்கோ அதன்பின் வெள்ளமாகவில்லை.

பெட்டியால் முடியாததையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவள் பரங்கிப்பேட்டை. பரிசு வாங்கிய குறிப்பில் குறையை யார் எழுதுவார் என்று புவனகிரி வாதாடினான். அவள் விடவில்லை. உணரியிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அளவு தவறிப்போகும், அதாவது மிக மோசமான நேரத்தில் பெட்டி குருடாகும். அதேபோல், 4 மீட்டரைத் தாண்டிய தூரத்தை நம்ப முடியாது. பெண்ணையாற்றின் உயரமான பாலங்களில் கட்ட வேண்டுமானால் இதைவிட விலை கூடிய, ரேடார் வகை உணரி வேண்டும். இந்த இரண்டு வரியையும் சேர்த்தோம்.

மூன்றாவது வரிக்குத்தான் நீண்ட பேச்சு. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் வளர்ந்தவள் அவள். எங்கள் கடற்கரையில் நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியில் இன்னும் கூடும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பெட்டியைக் கட்டினால் வெயில் காலத்திலேயே தினமும் தண்ணீர் ஏறுவதாகச் சொல்லும். குண்டு உப்பலவாடி அப்படிப்பட்ட இடம்தான். என் அத்தைக்காக என்று ஆரம்பித்த பெட்டி அத்தை ஊரில் மட்டும் சரியாக வேலை செய்யாது என்பதை அவள் சொன்னபோது நான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்வாதத்துக்குக் கையில் எண் எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன். "கடல் ஓதம் எட்டும் இடங்களில் இப்போதைக்குப் பயன்படாது" என்று எழுதினோம்.

கடைசியாகப் பெயர் வரிசை. அகர வரிசை என்று முடிவானது. அது யாருக்கும் பிடிக்கவில்லை, அதனாலேயே நின்றது. கீழே இன்னும் மூன்று பேரைச் சேர்த்தோம்: இரவில் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருந்த உதவியாளர் அண்ணன், உடைந்த உணரிக்குப் பதில் வேறொன்றைக் கடனாகக் கொடுத்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர், "செய்தியின் வாசகத்தைத் திருத்தியவர்" என்று என் அத்தை. மேடம் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் செய்தார். தலைப்பில் "வெள்ள எச்சரிக்கைக் கருவி" என்றிருந்ததை அடித்துவிட்டு "பாலத்திலிருந்து நீர்மட்டம் அளந்து சொல்லும் கருவி" என்று எழுதினார்.

தேசியச் சுற்றுக்குக் கல்லூரி அனுப்பிய பட்டியலில் இருந்தோம், இறுதிக்குத் தேர்வாகவில்லை. பெட்டியைப் பிரித்துவிடலாம் என்று நெய்வேலி சொன்னபோது பரங்கிப்பேட்டை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் படகுத் துறையில், தெரிந்தவர்களிடம் கேட்டு, கட்டியிருக்கிறாள். ஓதத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு அமாவாசையும் ஒரு பௌர்ணமியும் கடக்கும்வரை பதிந்தால், அந்தந்த நேரத்தில் இயல்பாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். அதற்குமேல் ஏறுவதுதான் ஆற்று வெள்ளம். சிம் இன்னும் விருத்தாசலத்துடையதுதான். அவன் புது எண் வாங்கிவிட்டான், பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை நாங்கள் ஆறு பேரும் முறை வைத்திருக்கிறோம். இந்த மாதம் புவனகிரி முறை, இன்னும் போடவில்லை.